அண்ணாந்து வேலை பார்ப்பவர்களுக்கான கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராகிரஸிவ் கண்ணாடி வாங்கி ஆறு மாசம் ஆகுது. பேப்பர் படிக்க, போன் பார்க்க நல்லா இருக்கு. ஏணி மேல நின்னு ஃபேன் கனெக்‌ஷன் கொடுக்கும்போது மட்டும் ஒயர் நிறமே தெரிய மாட்டேங்குது. பவர் தப்பா சார்?

பவர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அது இருக்கும் இடம்தான் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை.

வெள்ளெழுத்துக்காகப் போடும் பைபோகலானாலும் புராகிரஸிவானாலும் கிட்டப்பார்வைப் பகுதி கீழேதான் இருக்கும். மேசையில் வைத்துப் படிப்பவருக்கும் மடியில் வைத்துத் தைப்பவருக்கும் அது வசதி. நீங்களோ ஒன்றரை அடி தூரத்துப் பொருளைத் தலைக்கு மேலே பார்க்கிறீர்கள். அப்போது உங்கள் கண் வில்லையின் மேல்பகுதி வழியாகப் போகிறது. அங்கே இருப்பது தூரப்பார்வை பவர். ஆகவே மங்கல்.

"தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கீழ்ப்பகுதி வழியாகப் பாருங்கள்" என்று சிலர் சொல்லி அனுப்புவார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கண் சுழலும் மையத்திலிருந்து வில்லை சுமார் 27 மி.மீ. முன்னால் இருக்கிறது. புராகிரஸிவில் படிக்கும் பகுதி, கருவிழிக்கு நேரான இடத்திலிருந்து 14 மி.மீ. அளவுக்குக் கீழே வரும். அதன் வழியாகப் பார்க்கக் கண்ணை ஏறத்தாழ 27 டிகிரி கீழே இறக்க வேண்டும். ஃபேன் மாட்டும் கொக்கி உங்கள் கண்மட்டத்திலிருந்து 60 டிகிரி மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் 27 டிகிரி கீழே போனால் கழுத்து 87 டிகிரி பின்னால் சாய்ந்தாக வேண்டும். இளவட்டங்களுக்கே கழுத்து அத்தனை தூரம் போகாது. மிச்சத்தை இடுப்பை வளைத்து ஈடுகட்டுகிறீர்கள், அதுவும் ஏணியில் நின்றுகொண்டு. சாயங்காலம் பிடரியும் முதுகும் ஏன் வலிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்போ கிட்டப்பார்வையை மேலேயும் வைக்க முடியுமா?

முடியும். டபுள்-டி என்று பெயர். நம் கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த டி-பைபோகலில் கீழே ஒரு 'டி' வடிவத் துண்டு இருக்கும் அல்லவா? அதே மாதிரி இன்னொன்று மேலேயும், நேர்க்கோடு கீழ்ப்பக்கம் வரும்படி கவிழ்ந்து இருக்கும். இரண்டும் வழக்கமாக 28 மி.மீ. அகலம். நடுவில் 13 அல்லது 14 மி.மீ. உயரத்துக்குத் தூரப்பார்வை. துண்டுகளின் இரு பக்கங்களிலும் தூரப்பார்வைதான்.

கீழ்த்துண்டின் கோட்டை வழக்கம்போலக் கீழ் இமை ஓரத்தில் வைத்தால், மேல்துண்டின் கோடு கருவிழி மையத்திலிருந்து 8, 9 மி.மீ. மேலே போய் உட்காரும். நேராகப் பார்க்கும்போது அது இடைஞ்சல் செய்யாது. கண்ணை மட்டும் 17, 18 டிகிரி உயர்த்தினால் மேல்துண்டுக்குள் நுழைந்துவிடலாம். இப்போது அதே 60 டிகிரிக் கொக்கியைப் பாருங்கள். 20 டிகிரியைக் கண் எடுத்துக்கொள்ளும், கழுத்துக்கு 40 டிகிரிதான் மிச்சம். 87 எங்கே, 40 எங்கே!

விமானத்தில் விமானியின் தலைக்கு மேலேயும் சுவிட்சுகள் இருக்கும். வயதான விமானிகள் இதே வில்லையைப் போடுவது வழக்கம். உயரமான அலமாரியில் மருந்துச் சீட்டு வாசிக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் இது உதவும்.

மேல்துண்டுக்கும் படிக்கிற பவரையே போட்டுடலாம்ல?

அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். அண்மையில் வந்த ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கதையைச் சொல்கிறேன். வயது 52. இரண்டு கண்ணிலும் தூரத்துக்கு +0.50, படிக்கக் கூடுதல் பவர், அதாவது ஆட், +2.00. வேறொரு கடையில் டபுள்-டி செய்து வாங்கியிருக்கிறார், மேலும் கீழும் +2.00. "கீழே படிக்கிறேன், மேலேதான் சரியா இல்ல, முகத்தைப் பக்கத்துல கொண்டுபோனாத்தான் தெரியுது" என்றார்.

கடையில் இருந்த ஸ்டூலில் ஏறி நிற்கச் சொல்லி, டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு மேலே வேலை செய்வதுபோல் கையை உயர்த்தச் சொன்னேன். மூக்குத்தண்டிலிருந்து டெஸ்டர் முனைவரை டேப் பிடித்தால் 55 செ.மீ. புத்தகத்தை அவர் பிடிப்பது 40 செ.மீ. வித்தியாசம் இங்கேதான்.

100-ஐ சென்டிமீட்டரால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய மொத்த பவர் வரும். 40 செ.மீ.க்கு 2.50. கண்ணாடி 2.00 கொடுக்கிறது, மிச்சம் 0.50-ஐ அவர் கண்ணே சிரமமில்லாமல் கொடுக்கிறது. 55 செ.மீ.க்கு வேண்டியது 1.80. கண் தரும் 0.50-ஐக் கழித்தால் 1.30. கடையில் கிடைக்கும் அளவில் +1.25.

2.00 போட்டால் என்ன ஆகும்? 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50. அதாவது அந்தத் துண்டு வழியாக 50 செ.மீ.க்கு அப்பால் எதுவும் தெளியாது. கண் தன் பவரைக் கூட்டிக் கிட்டே இழுக்கலாம், தள்ளிப் போடக் கண்ணால் முடியாது. அவர் வேலையோ 55-ல். கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் ஒயர் வெறும் 5 செ.மீ.யில் மங்கிப்போனது. +1.25 என்றால் எல்லை 80 செ.மீ. கண் தம் பிடித்து ஒரு பவர் கொடுத்தால் கிட்டே 44 செ.மீ. வரையும் வரலாம். கை மடக்கி நீட்டும் தூரம் முழுக்க உள்ளே வந்துவிடும்.

மேல் +1.25, கீழ் +2.00 என்று மாற்றிக் கொடுத்தோம். எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. நெஞ்சு மட்டத்தில் இருக்கும் மெயின் போர்டை 70 செ.மீ.யில் பார்க்க, தாடையை இறக்கி மேல்துண்டு வழியாகவே பார்த்துக்கொள்கிறார். கீழ்த்துண்டில் அது தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை: சில வில்லைகளில் மேலும் கீழும் ஒரே பவராகத்தான் வரும், சிலவற்றில் மேலே குறைவாக வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே இரண்டு பவரையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஒரே பவர்தான் கிடைக்கும் என்றால் மேலே சரியாக இருக்கும்படி வாங்கிக்கொண்டு, பேப்பர் படிக்க வேறு கண்ணாடி வைத்துக்கொள்வதே என் யோசனை. ஏணியில் நிற்கும்போதுதான் தப்பு நடந்தால் விலை அதிகம்.

கோடு தெரியாத புராகிரஸிவிலேயே இதுக்குன்னு தனியா இருக்காமே?

இருக்கிறது. ஆனால் "வேலைக்கான புராகிரஸிவ்" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகளை விற்கிறார்கள். எது எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் காசுதான் போகும்.

முதலாவது, ஆபீஸ் வில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கானது. நேர்ப்பார்வையில் திரைத் தூரம், கீழே படிக்கும் தூரம், மேலே அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர். இதிலும் மேலே போகப் போகப் பவர் குறைகிறது. சுவருக்குப் பட்டி பார்க்கும் பெயின்டருக்கு நன்றாக உழைக்கும், சீலிங்குக்கு உதவாது. "இது ஒர்க்கிங் லென்ஸ்தான்" என்று எலக்ட்ரீஷியனுக்கு இதை மாட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, வழக்கமான புராகிரஸிவின் மேல்பகுதியில் மட்டும் கவிழ்ந்த 'டி' துண்டு வைத்தது. கீழே தூரம், நடுத்தூரம், படிப்பு மூன்றும் படிப்படியாகக் கிடைக்கும், மேலே அண்ணாந்து பார்க்கக் கிட்டப்பார்வை. ஒரு நாளில் டிராயிங் படித்து, போர்டில் வேலை செய்து, சீலிங்கிலும் ஏறி இறங்கும் சூப்பர்வைசர் மாதிரி ஆட்களுக்கு இது கச்சிதம். இதைச் செய்பவர்கள் குறைவு, கேட்டுத்தான் வரவழைக்க வேண்டும். புராகிரஸிவுக்கே உரிய பக்கவாட்டு நெளிவு கீழ்ப்பாதியில் இருக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, மேலும் கீழும் கோடே இல்லாமல் கணினி வழியாகச் செதுக்கித் தருவது. காகிதத்தில் அழகு. பவர் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு பக்கவாட்டில் மங்கல் கூடும். இது புராகிரஸிவின் இயல்பு, எந்தக் கம்பெனியாலும் முழுதாகத் தப்பிக்க முடியாது. 40 மி.மீ. உயரத்துக்குள் பவர் இரண்டு முறை மாற வேண்டுமென்றால், நடுவில் தூரப்பார்வைக்கு ஒரு குறுகிய பட்டைதான் மிஞ்சும். ஏணியில் ஏறி இறங்குபவருக்கு நான் கோடு போட்ட டபுள்-டியைத்தான் சொல்வேன். கோடு பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

என் பழைய புராகிரஸிவைத் தலைகீழா மாட்டித் தர முடியுமா?

யோசனை நல்ல யோசனைதான், அப்படியும் செய்வதுண்டு. படிக்கும் பகுதி மேலே வந்துவிடும், தூரம் கீழே போய்விடும். ஆனால் பழையதைக் கழற்றித் திருப்பினால் வேலைக்கு ஆகாது. கிட்டே பார்க்கும்போது இரு கண்ணும் மூக்கை நோக்கித் திரும்பும். அதனால் படிக்கும் பகுதியை மூக்குப் பக்கம் சற்றே தள்ளி வைத்திருப்பார்கள். வில்லையைக் கவிழ்த்தால் அது காதுப் பக்கம் போய்விடும். வலது கண்ணுக்கு இடது வில்லையையும், இடது கண்ணுக்கு வலது வில்லையையும் எடுத்துத் திருப்பினால்தான் மூக்குப் பக்கம் வரும். ஆகவே உங்கள் பவருக்குப் புதிதாக வெட்ட வேண்டும்.

நாள் முழுக்க ஓரிடத்தில் நின்று மேலேயே பார்க்கும் வேலை என்றால் பரவாயில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் எதிரே வருபவரைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும்.

ஃப்ரேம் எதுன்னாலும் ஓகேவா?

இல்லை. உயரம் வேண்டும். கீழ்த்துண்டுக்குக் குறைந்தது 14, 15 மி.மீ., நடுவில் 14, மேலே பிரயோஜனப்படும் அளவுக்கு 9 அல்லது 10. கூட்டினால் 38 மி.மீ. பக்கம் வருகிறது. இப்போது வரும் ஒல்லி ஃப்ரேம்கள் பலவும் 30 மி.மீ. உயரம்தான். அதில் டபுள்-டி போட்டால் மேல்துண்டு நகக்கீற்று அளவுக்கு மிஞ்சும்.

மூக்கு மேடை இறுக்கமாக உட்காருவதும் முக்கியம். அண்ணாந்து பார்க்கும்போது வியர்வையில் கண்ணாடி நெற்றிப் பக்கம் சரியும். 2 மி.மீ. சரிந்தால்கூட மேல்துண்டு அந்த அளவு எட்டாமல் போகும். காதுக்குப் பின்னால் நன்றாக வளைத்துக்கொள்ளுங்கள், அல்லது கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் வேலைக்கு மெட்டல் ஃப்ரேம் வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும்.

நான் கார் மெக்கானிக். குழியில இறங்கி வேலை. பெயின்டர் தம்பிக்கும் எனக்கும் ஒரே பவர் வருமா?

வயதும் கண்ணும் ஒன்றாக இருந்தாலும் வராது. குழியில் நிற்பவருக்கு சேசிஸ் தலைக்கு மிக அருகில் இருக்கும். ஆயில் டிரெயின் போல்ட்டைப் பார்ப்பது சில சமயம் 35, 40 செ.மீ.யில்தான். உங்களுக்கு மேல்துண்டில் படிக்கும் பவரே சரியாக வரலாம். அதே கார் லிஃப்டில் ஏறி நின்றால் தூரம் 50-ஐத் தாண்டும். இரண்டும் செய்கிறீர்கள் என்றால் எதில் அதிக நேரம் போகிறதோ அதற்கு அளவெடுங்கள்.

பெயின்டர் சீலிங் ஓரத்துக்குப் பிரஷ் பிடிக்கும்போது 55, 60 செ.மீ. கம்பு மாட்டிய ரோலரில் ஒன்றரை மீட்டர்கூட வரும். அந்தத் தூரத்துக்குப் பலருக்கு மேல்துண்டே தேவையில்லை. ரோலர் வேலை மட்டும் செய்பவருக்கு டபுள்-டி போட்டுக்கொடுத்தால் உள்ளதையும் மங்கச் செய்ததாகத்தான் ஆகும்.

கடைக்குப் போகும் முன் வேலை செய்யும் இடத்திலேயே ஆளை வைத்து டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு எண் இல்லாமல் யாராலும் இதைச் சரியாகக் கொடுக்க முடியாது.

எனக்குத் தூரத்துக்கு மைனஸ் 2. மேலே பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிட்டா நல்லாத் தெரியுதே?

தெரியும். மைனஸ் 2 கண்ணுக்கு வெறும் கண்ணில் 50 செ.மீ. துல்லியமாக விழும், இயற்கை கொடுத்த டபுள்-டி மாதிரி. ஆனால் கழற்றியதும் கண்ணுக்குக் காப்பு போய்விடுகிறது. மேலே துளை போடும்போது விழும் சிமென்ட் தூள் நேரே கண்ணுக்குள்தான் வரும். பவர் இல்லாத காப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி, ஏணியில் இருக்கும்வரை அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லாமல் முடிந்துவிடும்.

பிளாட்பாரத்துல விற்கிற ரெடிமேட் கண்ணாடி போதாதா?

நின்ற இடத்தில் செய்யும் வேலைக்குப் போதும். கிழப்பருவம் வரை அதிலேயே ஓட்டியவர்களும் உண்டு. ஆனால் அதில் முழு வில்லையும் கிட்டப்பார்வை. மேலே தெளிவாகத் தெரியும், இறங்கும்போது ஏணிப்படி மங்கலாகத் தெரியும். உங்கள் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றும், சிலிண்டர் இல்லை என்றும் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். படிக்கும் பவரை விடக் குறைந்ததாக எடுங்கள்.

இவ்வளவு செலவு பண்ணிச் செட் ஆகலைன்னா?

முதலில் மலிவாகச் சோதித்துப் பாருங்கள். வில்லையின் உட்பக்கம் தண்ணீர் தொட்டு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பைபோகல் துண்டுகள் வருகின்றன. படிக்கும் பகுதி கீழே வருவதற்காகச் செய்தவை. அவற்றைத் தலைகீழாக மேலே ஒட்டுங்கள். ஒரு வாரம் வேலை செய்யுங்கள். இடைஞ்சலாக இருந்தால் அரை மில்லிமீட்டராக மேலே ஏற்றி மறுபடி ஒட்டலாம். எந்த உயரத்தில் சரிப்பட்டதோ அதை மார்க்கரால் குறித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஒட்டுத் துண்டில் தெளிவு சற்றுக் குறைவாகவே இருக்கும், அதை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். பார்க்க வேண்டியது இடமும் பவரும்தான்.

புதுசு வாங்கி வந்தாச்சு. சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சமதரையில் நின்று நேரே எதிரில் உள்ள காலண்டரைப் பாருங்கள். மேல்கோடு பார்வையில் குறுக்கிட்டால் துண்டு ரொம்ப இறங்கிவிட்டது. மேலே பார்க்கும்போது கண்ணை உருட்டி உருட்டித் தேட வேண்டியிருந்தால் ரொம்ப ஏறிவிட்டது. முகத்தைப் பொருளுக்கு அருகில் கொண்டுபோனால் தெளிகிறதா? பவர் கூடுதல். தள்ளிப் போனால் தெளிகிறதா? குறைவு. ஒரு கண்ணை மூடினால் தெளிவாகவும் இரண்டையும் திறந்தால் இழுப்பது போலவும் இருந்தால், இரு துண்டுகளும் சம உயரத்தில் இல்லை அல்லது மூக்குப் பக்கத் தள்ளல் சரியில்லை என்று சந்தேகப்படலாம். கடைக்காரரிடம் அளக்கச் சொல்லுங்கள்.

கோட்டைக் கடக்கும்போது பொருள் லேசாகத் துள்ளும். அது குறையல்ல, சில நாளில் பழகும்.

அதையே போட்டுக்கிட்டு பைக் ஓட்டலாமா?

வேண்டாம். நடுப்பட்டை தூரப்பார்வைதான் என்றாலும் உயரத்தில் தொங்கும் சிக்னல், வழிகாட்டிப் பலகை எல்லாம் மேல்துண்டில் போய் மாட்டும். படியிறங்கும்போதும் கவனம், கீழ்த்துண்டில் படி மங்கும். தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து நடுப்பட்டை வழியாகப் படியைப் பாருங்கள். இது வேலைக்கண்ணாடி. டூல்ஸ் பையில் இருக்கட்டும்.

தூசு, பெயின்ட் துளி, பொறி?

வில்லை பாலிகார்பனேட்டில் கேளுங்கள், சுத்தி தெறித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் பெயின்டர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பாலிகார்பனேட்டுக்குத் தின்னரும் அசிட்டோனும் ஆகாது. துளி விழுந்தால் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது கை வழக்கம். வில்லை வெண்மையாகப் பூத்து, நுண்விரிசல் விட்டுவிடும். காய்வதற்குள் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னர் அதிகம் புழங்கும் வேலை என்றால் டிரைவெக்ஸ் வில்லை தாங்கும்.

அண்ணாந்து பார்க்கும்போது புருவத்துக்கும் ஃப்ரேமுக்கும் இடையே உள்ள சந்து வழியாகத்தான் தூள் விழும், பக்கவாட்டில் அல்ல. பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டும், மேல்விளிம்பு மூடிய காக்கிள்ஸ் இருக்கிறது. துளை போடும்போது அதைச் சேர்த்துப் போட வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் வெடிக்கும் தீப்பொறிக்கு இந்தக் கண்ணாடி எதுவும் காப்பு ஆகாது. அதற்கு முகக்கவசம் தனி.

மேலே பார்த்தாலே தலை சுத்துது. இந்தக் கண்ணாடி போட்டா நிக்குமா?

மங்கலைத் தேடித் தேடிப் பார்த்ததால் வந்த கிறுகிறுப்பு என்றால் குறையும். கண்ணாடி இல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு தலையை அண்ணாந்தாலும் சுற்றுகிறது என்றால் அது காதின் சமநிலைக் கோளாறாகவோ கழுத்துப் பிரச்சினையாகவோ இருக்கலாம். அதற்கு நான் கண்ணாடி விற்க மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, அதுவரை ஏணியில் வேறு ஆளை ஏற்றுங்கள்.